ஆழம் வந்துவிட்டது, மண் வந்ததா?

அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணை மூடப் போடும் மெல்லிய கான்கிரீட் தளம்தான் பிசிசி. அதன் மேல் நடந்துகொண்டிருந்தபோது காலுக்குக் கீழே அது லேசாக ஆடியது. முதலில் என் செருப்புதான் வழுக்குகிறது என்று நினைத்தேன். இரண்டாவது முறை குதிகாலால் ஓங்கி மிதித்தேன். காலிப் பெட்டியைத் தட்டினால் வருவதுபோல ஒரு சத்தம் வந்தது, ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. கடப்பாரையால் ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சேறு. மேலே நல்ல கான்கிரீட், கீழே கூழ்.

அந்தப் பிசிசியைப் போடச் சொன்னவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முந்தின இரவு மழை பெய்திருந்தது. காலையில் வானத்தில், அதாவது அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில், நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம். தண்ணீர் போனதும் அடி பளபளவென்று தெரிந்தது. "சுத்தமாயிடுச்சு, போடலாம்" என்று சொல்லிவிட்டேன். பளபளப்பாக இருந்தது ஊறிப்போன களிமண்ணின் மேல்தோல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மீட்டர் நீளத்துக்கு உடைத்து அள்ளி, அடியைச் சுரண்டி, மறுபடி போட்டோம். கம்பி கட்டுகிறவர்கள் ஒருநாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்த வேலையில் நடந்ததைத்தான் இங்கே விவரமாக எழுதப்போகிறேன். அங்கேயும் கிட்டத்தட்ட இதே தப்பைச் செய்யப் போனேன், அதுவும் வேறு வழியில்.

சுவருக்கடியில் தொடர்ச்சியாக ஓடும் அஸ்திவாரம். ஒரு பக்கத்து வானம் 14 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். வரைபடத்தில் ஆழம் 1.5 மீட்டர் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "அல்லது சுக்கான் கலந்த இறுகிய பழுப்புக் களிமண் வரை, எது அதிக ஆழமோ அது." சுக்கான் என்பது மண்ணுக்குள் கிடக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி. நான் எண்ணை மட்டும் படித்திருந்தேன். எண்ணை டேப் வைத்து அளந்துவிடலாம், அந்த வரியை அளக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

மண் பரிசோதனைக்காக முன்பே இரண்டு குழிகள் எடுத்துப் பார்த்திருந்தார்கள், வானத்தின் ஒரு முனைக்குப் பக்கத்தில் ஒன்று, மறு முனைக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டிலும் மேலே ஓரடிக்கு வேர் கலந்த மேல்மண், அதற்குக் கீழே மணல் கலந்த களிமண், 1.2 மீட்டரில் சுக்கான் கட்டிகளோடு இறுகிய பழுப்புக் களிமண். ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் அந்தப் பழுப்புக் களிமண்ணை நம்பித்தான் சதுர மீட்டருக்கு 10 டன் என்று சுமை கணக்கிட்டிருந்தார். ஆனால் இரண்டு குழிகளுக்கும் நடுவே இருந்த பத்துப் பன்னிரண்டு மீட்டரை யாரும் பார்க்கவில்லை. வானம் தோண்டினால்தான் அது முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரியும். அதனால் வானத்தையே மூன்றாவது சோதனைக் குழியாக நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று காலையில் நான் அப்படி நினைக்கவில்லை.

ஆழத்தைக்கூட நான் ஒழுங்காக அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானத்தின் விளிம்பில் டேப்பை வைத்து, கீழே விட்டு, 1.5 வந்தால் சரி என்று போய்க்கொண்டிருந்தேன். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. 14 மீட்டரில் 180 மிமீ வித்தியாசம். தரையிலிருந்து அளந்தால் அடியும் அதே சரிவில் போய்விடும். மேஸ்திரிதான் டியூப் லெவலை எடுத்துக்கொண்டு வந்து, "தரைய நம்பாதீங்க சார், புள்ளியிலேருந்து எடுங்க" என்றார். தளத்தின் ஓரத்தில், யாரும் இடிக்காத ஒரு கல்தூணில் பெயிண்டால் அடித்து வைத்த நிலையான மட்டப்புள்ளி இருந்தது. வானத்தின் இரு முனைகளிலும் கட்டை அடித்து, அந்தப் புள்ளியிலிருந்து மட்டத்தை அவற்றுக்குக் கொண்டுவந்து, நூல் கட்டினோம். அப்புறம் நூலிலிருந்து கீழே அளந்தோம். அந்த நூல் அன்று மாலை வரைக்கும் அங்கேயே இருந்தது, அடிக்கடி பயன்பட்டது.

பொக்லைன் ஓட்டுநரிடம் அடிமட்டத்துக்கு 150 மிமீ மேலேயே நிறுத்தச் சொல்லியிருந்தோம். இது முந்தைய தப்பிலிருந்து கற்றது. பல் வைத்த பக்கெட் அடிமண்ணைக் கிளறிவிடும், பல் போன தடத்துக்குக் கீழேயும் மண் உதிர்ந்து நிற்கும். பல்லில்லாத தட்டையான பக்கெட் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதிலும் கடைசி ஒரு சாண் மண்ணைக் கையால்தான் எடுக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஒரு சாண் மண் நல்ல மண்ணுக்கு மூடி. மழையோ வெயிலோ எது வந்தாலும் முதலில் அதன்மேல்தான் விழும்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

அடியைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தின் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். அடி மிதிபட்டு, பக்கெட் இழுத்து, ஒரே நிறமாகத் தெரியும். பக்கச் சுவர் வெட்டிய கேக் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். மண்வெட்டியால் அங்கங்கே ஒரு கை அகலத்துக்குச் சீவிவிட்டால் அடுக்குகள் பளிச்சென்று தெரியும். (உள்ளே இறங்கும் முன் பக்கச் சுவர் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இறுகிய மண், வெட்டிப்போட்ட மண்ணையும் விளிம்பிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் கொட்டியிருந்தோம். மணற்பாங்கான இடத்தில் முட்டுக் கொடுக்காமல் நான் இறங்க மாட்டேன்.)

முனையிலிருந்து நடந்து வந்தேன். வேர் கலந்த மேல்மண், அதற்குக் கீழே மணற்களி, அதற்குக் கீழே வெள்ளைச் சுக்கான் புள்ளிகளோடு பழுப்பு. எட்டு மீட்டர் வரைக்கும் அந்தப் பழுப்புக் கோடு கிட்டத்தட்ட நேராகவே வந்தது. எட்டரை மீட்டரில் கோடு கீழே வளைந்து, அடிக்குள் போய் மறைந்துவிட்டது. பதினோரு மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி எழும்பியது. நடுவே இருந்த மண்ணில் அடுக்கே இல்லை. பழுப்பும் கறுப்பும் மஞ்சளும் கலந்து கிடந்தது. சீவிப் பார்த்தால் ஒரு செங்கல் சில்லு, கொஞ்சம் அடுப்புக்கரி, துருப்பிடித்த தகரத் துண்டு.

இயற்கையாகப் படிந்த மண்ணில் செங்கல் இருக்காது. வேறு எந்தச் சோதனையும் செய்ய முடியாதவர்கள் இந்த ஒன்றையாவது பார்க்கலாம். மண்ணுக்குள் மனிதன் செய்த பொருள் ஏதாவது இருந்தால் அது யாரோ நிரப்பிய மண். எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அதுதான் உண்மை. பல ஆண்டுகள் வண்டி ஏறி இறங்கிய இடத்தில் மேலே கல் மாதிரி இறுகியிருக்கும், கீழே அரைமீட்டரில் பஞ்சு மாதிரி இருக்கும்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "அது ஈரம் சார், வேற ஒண்ணுமில்ல. ஆழம் வந்துடுச்சு, ரெண்டு நாள் காஞ்சா எல்லாம் ஒண்ணாயிடும்" என்றார். அவர் என்னைவிட இருபது ஆண்டுகள் மூத்தவர், எத்தனையோ அஸ்திவாரம் போட்டவர். வாக்குவாதம் செய்ய எனக்குத் தைரியமில்லை. "கம்பி குத்திப் பார்த்துடலாம் மேஸ்திரி" என்று மட்டும் சொன்னேன்.

12 மிமீ கம்பியில் ஒன்றரை மீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, முனையை லேசாகக் கூராக்கி, நுனியிலிருந்து 100 மிமீக்கு ஒரு கோடாகப் பெயிண்டால் குறித்துக்கொண்டோம். சுத்தியலால் அடிக்கவில்லை. ஒரே ஆள், இரண்டு கையாலும் பிடித்து, தன் உடம்பு எடையைப் போட்டு அழுத்த வேண்டும். ஆள் மாறக் கூடாது. ஒல்லியான பையன் குத்தினால் ஒரு அளவு வரும், பருத்தவர் குத்தினால் வேறு அளவு வரும். இந்தச் சோதனையில் கிடைக்கிற எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிடத்தான் அது. மண் நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த இடத்தில், அதாவது சோதனைக் குழிக்குப் பக்கத்தில், முதலில் குத்திப் பார்த்துக்கொண்டால் அதுதான் அளவுகோல்.

முனையில் 40 மிமீ இறங்கியது. ஒரு மீட்டர் தள்ளி 50. அப்புறம் 40, 45, 50. எட்டு மீட்டர் வரைக்கும் இதே கதை. ஒன்பதாவது மீட்டரில் கம்பி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி 420 மிமீ போனது. குத்தியவர் தடுமாறி விழப்போனார். பத்தாவது மீட்டரில் 500. பதினோராவதில் மறுபடி 50.

மேஸ்திரி கம்பியை வாங்கி அவரே ஒருமுறை குத்திப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

கம்பிக்கும் ஒரு எல்லை உண்டு. சுக்கான் கட்டியிலோ ஒரு கல்லிலோ முட்டினால் 20 மிமீயிலேயே நின்றுவிடும், மண் பிரமாதம் என்று தோன்றும். அதனால் ஒரு மீட்டருக்கு ஒரு இடம் என்றால், அந்த இடத்தில் ஒரு சாண் தள்ளித் தள்ளி மூன்று முறை குத்த வேண்டும். மூன்றில் அதிகமாக இறங்கியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

களிமண் என்றால் கட்டைவிரலும் ஒரு கருவிதான். புதிதாகச் சீவிய முகத்தில் கட்டைவிரலை அழுத்தினால் சுலபமாக உள்ளே போனால் மண் மெத்து. கையில் எடுத்துப் பலமாகப் பிசைந்தால்தான் உருமாறுகிறது என்றால் நடுத்தரம். பிசையவே முடியவில்லை, கட்டைவிரலை முழுப் பலத்தோடு அழுத்தினால் ஒரு பள்ளம் மட்டும் விழுகிறது என்றால் அது இறுகிய களி. நகம்தான் பதிகிறது என்றால் இன்னும் இறுகியது. எங்களுக்கு வேண்டியது மூன்றாவது வகை. என்ஜினியரிடம் பாக்கெட் பெனட்ரோமீட்டர் ஒன்று இருந்தது. பேனா மாதிரி இருக்கும், முனையை மண்ணில் அழுத்தினால் ஸ்பிரிங் சுருங்கி, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று காட்டும். அது காட்டுவது களிமண்ணின் நசுங்கு வலிமை, அதையே தாங்குதிறன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீளமான அஸ்திவாரத்துக்கு மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்துக் கணக்குப் போட்டால், மீட்டர் காட்டுவதில் சுமார் 85 சதவீதம்தான் தாங்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மீட்டரில் 1.2 என்றால் சதுர மீட்டருக்கு 12 டன், அதில் 85 சதவீதம் 10 டன். எங்கள் தேவை அதுதான். "ஆனா இது சுண்டு விரல் அகலத்து மண்ணத்தான் பாக்குது, அடியில என்ன இருக்குன்னு சொல்லாது. ஒன்றரைக்குக் கொறஞ்சா எனக்குக் கூப்பிடுங்க" என்றார். நல்ல இடத்தில் 1.8லிருந்து 2.3 வரைக்கும் வந்தது. அந்த இரண்டரை மீட்டரில் 0.4, 0.5. மணலிலும் சரளையிலும் இந்தக் கருவியை வைத்துப் பயனில்லை, களிமண்ணுக்கு மட்டும்தான்.

சரி, என்ன செய்வது? நானாக முடிவெடுக்கவில்லை, என்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் வருவதற்குள் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு கம்பி இறங்கியது என்று ஒரு தாளில் வரைந்து வைத்தேன். வந்ததும் அவர் முதலில் கேட்டதே அந்தத் தாளைத்தான்.

மேஸ்திரி சொன்ன யோசனை, மெத்தென்ற இடத்தில் உடைகல்லைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கிவிடலாம் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்ஜினியர் சொன்ன பதில் எனக்கு நன்றாகப் புரிந்தது. கல் மெத்து மண்ணுக்குள் அமுங்கி மேலே ஒரு கெட்டித் தோல் கிடைக்கும், அதற்குக் கீழே மண் அப்படியேதான் இருக்கும். சுவர் எழும்பி எடை ஏறும்போது இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் இரண்டரை மீட்டர் மட்டும் இறங்கும். அஸ்திவாரம் அங்கே பாலம் மாதிரி தொங்க வேண்டி வரும். அதற்கான கம்பி அதில் இல்லை. அப்புறம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும், எல்லோரும் பூச்சு வேலையைக் குறை சொல்வார்கள். ஒரேயடியாக எல்லா இடமும் கொஞ்சம் இறங்கினால் கட்டிடம் பொறுத்துக்கொள்ளும். ஒரு இடம் மட்டும் இறங்குவதுதான் ஆபத்து. தலைகீழாக, அடியில் ஒரு பாறையோ பழைய அஸ்திவாரமோ ஒரு இடத்தில் மட்டும் இருந்தாலும் இதே சிக்கல்தான். அதையும் ஒரு சாண் ஆழத்துக்காவது உடைத்து எடுக்கச் சொல்வார்கள். கெட்டியான இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடக் கூடாது.

முடிவு இது: நிரப்பு மண் முழுவதையும் எடு, பழுப்புக் களி தெரியும் வரை போ, அந்தக் குழியைச் சிமெண்ட், மணல், ஜல்லி 1:3:6 என்று கலந்த கான்கிரீட்டால் அடிமட்டம் வரை நிரப்பு. மண்ணைத் திரும்ப நிரப்பவே கூடாது. அகலம் குறைவான குழியில் அடுக்கடுக்காகப் போட்டு ஓரம்வரை இறுக்குவது நடக்காத காரியம்.

கையால்தான் தோண்டினோம். அடிமட்டத்துக்குக் கீழே 550 மிமீயில் சுக்கான் தெரிந்தது. பழைய குப்பைக் குழியாகவோ, எருக்குழியாகவோ இருந்திருக்கலாம், சட்டி மாதிரி நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் ஏறியும் இருந்தது. சட்டி வடிவத்தை அப்படியே விடவில்லை. இரண்டு முனையிலும் நல்ல களிமண்ணுக்குள் ஒரு சாண் தாண்டி வெட்டி, பக்கங்களைச் செங்குத்தாகவும் அடியை மட்டமாகவும் ஆக்கினோம். சரிவான அடியில் கான்கிரீட் உட்கார்ந்தால் வழுக்கப் பார்க்கும். கடைசியில் குழி 2.8 மீட்டர் நீளம், 0.9 அகலம், 0.55 ஆழம். சுமார் 1.4 கன மீட்டர் கான்கிரீட் பிடித்தது. அடியில் கம்பி குத்தினேன், 45 மிமீ. பெனட்ரோமீட்டரில் 2.0. அப்போதுதான் நிரப்பச் சொன்னார்.

இதெல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது. மிச்ச வானத்தில் மேலே விட்டு வைத்த 150 மிமீ மண்ணை எடுத்து, பிசிசி போட வேண்டும்.

அடியைச் சுத்தம் செய்வதில் நான் கற்றது வரிசை. ஒரு முனையில் ஆரம்பித்துப் பின்னோக்கி வர வேண்டும். ஆள் நிற்பது இன்னும் சீவாத மண்ணில், சீவிய மண் அவருக்கு முன்னால். எதிர்த்திசையில் போனால் சீவிய இடத்தையே மிதித்துக்கொண்டு போவார்கள், ஒவ்வொரு குதிகால் தடத்திலும் உதிரி மண் சேரும். தட்டையான மண்வெட்டியால் சீவி, உதிரியைச் சட்டியில் அள்ளி, கடைசியில் துடைப்பத்தால் பெருக்கினோம். நூலிலிருந்து அளந்து மட்டம் பார்த்தோம். ஓரிடத்தில் ஒருவர் 40 மிமீ ஆழமாக வெட்டிவிட்டார். சட்டென்று ஒரு கை மண்ணைப் போட்டு மிதித்து மட்டமாக்கப் போனார். அதை நிறுத்தினேன். அதிகமாக வெட்டிய இடம் பள்ளமாகவே இருக்கட்டும், பிசிசி அங்கே தடியாக விழும். எடுத்த மண்ணை அடியில் திரும்ப வைப்பது என்ற பேச்சே கிடையாது. கான்கிரீட் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். 14 மீட்டர் முழுக்க 75 மிமீ போட்டால் 0.95 கன மீட்டர். சராசரியாக 30 மிமீ அதிகம் வெட்டியிருந்தால் இன்னும் 0.38 சேரும். ஆகவே முதலிலேயே பொறுமையாக வெட்டுவதுதான் சிக்கனம்.

களிமண் அடியில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, திமிசும் வேண்டாம். ஈரக் களியைக் குத்தினால் அது இறுகாது, பிசைந்து மெத்தாகும். மணலோ சரளையோ என்றால் வேறு: லேசாக நனைத்து நன்றாக இறுக்க வேண்டும். எல்லா வானத்துக்கும் ஒரே பழக்கத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு மேகம் கூடியது. அப்போது ஒன்பது மீட்டருக்குப் பிசிசி போட்டாகிவிட்டது, ஐந்து மீட்டர் பெருக்கிச் சுத்தமாக இருந்தது, கலவை வந்துகொண்டிருந்தது. இரண்டு மீட்டர் சீவினால் இரண்டு மீட்டர் போடு என்றுதான் ஆரம்பித்தோம். நடுவில் ஆட்கள் கூடுதலாகக் கிடைத்ததும், வேகமாக முடியட்டும் என்று முழுவதையும் சீவச் சொன்னேன். இது என் தப்பு. தார்ப்பாய் எடுத்துவரப் போனவர் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம்தான். ஆனால் விளிம்பிலிருந்து ஓடிவந்த தண்ணீர் எல்லாம் உள்ளேதான் இறங்கியது.

மறுநாள் காலை. தண்ணீரை இறைத்தோம். அதே பளபளப்பு. இந்த முறை கட்டைவிரலை வைத்தேன், முதல் கணு வரை போனது. மேஸ்திரி, "கொஞ்சம் சிமெண்ட் தூவுனா இழுத்துக்கும் சார்" என்றார். இந்த வைத்தியத்தைப் பல இடங்களில் செய்கிறார்கள். சிமெண்ட் மேல்தண்ணீரை உறிஞ்சி ஒரு சாம்பல் தோலாக இறுகும், அதற்குக் கீழே சேறு அப்படியே இருக்கும். என் பழைய வானத்தில் ஆடிய பிசிசியும் அப்படி ஒரு தோல்தான். சுரண்டினோம். 60 மிமீயில் மறுபடி விரல் பதியாத மண் வந்தது. சுரண்டியதை ஈடுகட்டப் பிசிசியே 135 மிமீ ஆனது, அதாவது 0.27 கன மீட்டர் கூடுதல். ஒரு மணி நேர வேலை. முந்தின மாலையே போட்டிருந்தால் இதெல்லாம் இல்லை.

தண்ணீர் இறைக்கும் குழியைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் குழாய் வைப்பதற்கான பள்ளத்தை அஸ்திவாரம் உட்காரும் இடத்துக்குள் வெட்டாதீர்கள். வானத்தின் முனையில், அஸ்திவாரத்துக்கு வெளியே ஒரு காது மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே வெட்டினால் நாமே ஒரு மெத்தென்ற இடத்தை உருவாக்குகிறோம்.

பிசிசியில் பெரிய வித்தை இல்லை, ஆனால் அதன் வேலை என்ன என்று தெரிந்தால் எதில் கவனம் வேண்டும் என்பது தெரியும். அது சுமை தாங்கும் உறுப்பாகக் கணக்கிடப்படுவதில்லை. மெத்தென்ற மண்ணை அது பலப்படுத்தாது. சீவிய மண்ணை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காலடியிலிருந்தும் மூடுகிறது, கம்பி வைக்கச் சுத்தமான மட்டமான தளம் தருகிறது, மேலே போடும் நல்ல கான்கிரீட்டின் சிமெண்ட் பால் மண்ணுக்குள் வடியாமல் தடுக்கிறது. 1:4:8 போதும் என்று எங்கள் வரைபடம் சொன்னது, 75 மிமீ தடிப்பு. கலவை கெட்டியாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் இருந்தது. தண்ணீராகக் கலந்தால் அந்தத் தண்ணீரும் களிமண்ணுக்குள்தான் போகும்.

தடிப்புக்கு ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக் கலவையாலேயே புள்ளி வைத்து, நூலிலிருந்து மட்டம் பார்த்து, அவற்றுக்கு நடுவே மட்டப்பலகையை இழுத்தோம். சிலர் கம்பித் துண்டை முளையாக அடித்து அப்படியே விட்டுவிடுவார்கள். அது துருப்பிடிக்கும், அதன் வழியே தண்ணீர் இறங்கவும் ஏறவும் பாதை கிடைக்கும். மேல்மட்டம் கீழே போனால் பரவாயில்லை, மேலே ஏறக் கூடாது. 20 மிமீ ஏறினால் ஒன்று அஸ்திவாரத்தின் தடிப்பில் 20 குறையும், அல்லது அடிக்கம்பியைக் கீழிருந்து மூடும் கான்கிரீட் தடிப்பான கவர் குறையும். மேலே வைக்கிற 50 மிமீ கவர் பிளாக் மட்டமான தளத்தில்தான் 50 ஆக இருக்கும், மேடுபள்ளத்தில் அது வெறும் பெயர். கலவையைக் கொட்டும்போது தள்ளுவண்டி விளிம்பை இடித்து மண் உள்ளே விழுந்தது. அந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டோம். பச்சைக் கலவைக்கு மேல் விழுந்த மண்கட்டியைக் கையால் எடுத்துவிட வேண்டும், கரண்டியால் அழுத்தி மறைக்கக் கூடாது. மேற்பரப்பை மரக்கட்டையால் தேய்த்தால் போதும், பாலிஷ் தேவையில்லை.

மறுநாள் அதே 12 மிமீ கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து, 14 மீட்டரும் தட்டிக்கொண்டே நடந்தேன். கணீர் என்று ஒரே சத்தம். நிரப்பிய குழிக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக நின்று, குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். அப்புறம் பிசிசி மேல் சுவரின் மையக்கோட்டை சுண்ணாம்பு நூலால் அடித்துக் கொடுத்தோம், கம்பிக்காரர்கள் இறங்கினார்கள். கையெழுத்துத் தாளில், எந்த மீட்டரில் குழி இருந்தது, எவ்வளவு ஆழம், எந்தக் கலவை என்று என்ஜினியர் எழுதி, படங்களோடு சேர்த்து வைத்தார். பிசிசி மூடிய பிறகு அதற்குக் கீழே என்ன இருந்தது என்பதற்கு அந்தத் தாள் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஒரு வாரம் கழித்து எதிர்ப்பக்க வானம் தயாரானது. நான் போய்ச் சேருவதற்குள் மேஸ்திரி கம்பியோடு உள்ளே இறங்கியிருந்தார், அவரே பெயிண்ட் கோடு போட்ட இன்னொரு துண்டு. "சார், ஆறாவது மீட்டர்ல தொண்ணூறு எறங்குது, மத்த எடமெல்லாம் நாப்பதுதான். பக்கச் சுவர்ல கோடு நேராத்தான் வருது. வந்து பாருங்க" என்றார். இறங்கிப் பார்த்தேன். பக்கெட் பல் ஆழமாக இழுத்த தடம் அது. உதிரியை அள்ளிவிட்டு மறுபடி குத்தச் சொன்னேன். நாற்பத்தைந்து வந்தது. "போடலாமா?" என்றார். வானத்தை நிமிர்ந்து பார்த்தேன், மேலே இருக்கிற வானத்தை. மேகம் இல்லை. "ரெண்டு ரெண்டு மீட்டரா போடலாம் மேஸ்திரி" என்றேன்.